‘கணக்கு தீர்ந்தது’ என்று எழுதிக் கொடுக்கும் முன்

1995 அக்டோபர் 6ஆம் தேதி, ஒரு நூற்பாலை தன் பனியன் நூலைக் கல்கத்தாவுக்கு அனுப்ப லாரியில் ஏற்றியது. சரக்கின் மதிப்பு 7,70,948 ரூபாய். லாரி வழியில் விபத்தில் சிக்கியது, நூல் நாசமானது. ஆலை நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் பாலிசி எடுத்திருந்தது. சர்வேயர் பார்த்து மதிப்பிட்டபின், 1996 மார்ச்சில் அந்த நிறுவனம் 4,47,436 ரூபாய் கொடுத்தது. பெரும்பாலானவர்களின் கணக்கில் விஷயம் இதோடு முடிந்துவிடும். சரக்கு போனது, இன்சூரன்ஸ் வந்தது, அவ்வளவுதான். ஆனால் பணம் வாங்கிய கையோடு ஆலை ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது. அந்தக் கடிதத்தை வைத்துத்தான் லாரி நிறுவனத்தின் மீது திண்டுக்கல் நுகர்வோர் மன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது. அது படிப்படியாக மேலேறி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை சென்று, 2010 பிப்ரவரியில் முடிந்தது. எகனாமிக் டிரான்ஸ்போர்ட் ஆர்கனைசேஷன் எதிர் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் என்ற அந்தத் தீர்ப்பைத்தான் இந்தியாவில் சப்ரோகேஷன் பற்றிப் பேசுகிற எல்லாரும் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

சப்ரோகேஷன் என்பது இதுதான்: உங்கள் இழப்புக்கு வேறொருவர் காரணம். உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்துவிடுகிறது. அந்த வேறொருவரிடம் நஷ்ட ஈடு கேட்க உங்களுக்கு இருந்த உரிமை, கொடுத்த தொகையின் அளவுக்கு, அப்போது நிறுவனத்தின் கைக்குப் போகிறது. நீங்கள் நின்ற இடத்தில் நிறுவனம் வந்து நிற்கிறது. கடல்வழிச் சரக்குக் காப்பீட்டுக்குப் பொருந்துகிற 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 79ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. மற்ற சொத்துக் காப்பீடுகளில் பாலிசி நிபந்தனையும் பொதுவான நீதிக் கோட்பாடும் இதே வேலையைச் செய்கின்றன. ஆயுள் காப்பீட்டில் இது கிடையாது, ஏனென்றால் ஓர் உயிருக்கு ‘இவ்வளவுதான் நஷ்டம்’ என்று அளவு வைக்க முடியாது. சரக்கு, கட்டடம், வாகனம் ஆகியவற்றுக்கு அளவு வைக்க முடியும். அந்த அளவுக்கு மேல் ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக்கூடாது. நஷ்டத்துக்குக் காரணமானவர், ‘எதிராளிதான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறாரே’ என்று தப்பித்துக்கொள்ளவும் கூடாது. சப்ரோகேஷன் இந்த இரண்டையும் தடுக்கிறது.

இதில் எளிதில் கண்ணில் படாத ஒரு விஷயம் உண்டு. நிறுவனத்துக்குத் தனியாகப் புதிய உரிமை எதுவும் பிறப்பதில்லை. உங்களிடம் என்ன இருந்ததோ அதுதான் அதற்குக் கிடைக்கும். உங்கள் உரிமையில் ஓட்டை இருந்தால் அதே ஓட்டையோடு போகும். நீங்கள் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குப் போவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. தனியாகப் பேசி முடித்துக்கொள்வது ஏன் கெடுதல் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

எப்படி நடக்கும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். திண்டுக்கல் பக்கத்து ஆலை ஒன்று 12,50,000 ரூபாய் பெறுமான நூலை மகாராஷ்டிரத்தின் பிவண்டிக்கு அனுப்புகிறது. லாரி வாடகை 40,000 ரூபாய். வழியில் கனமழை. தார்ப்பாய் கிழிந்திருந்ததால் மூட்டைகள் நனைந்துவிட்டன. நனைந்த நூலைக் கழிவு விலைக்கு விற்றது போக ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டம் என்று சர்வேயர் எழுதுகிறார். ஆலையின் பாலிசி அனைத்து அபாயங்களுக்குமானது, ஆனால் ஒரு லாரிக்குப் பத்து லட்சம்தான் உச்சவரம்பு. அதாவது சரக்கின் மதிப்பில் ஐந்தில் நான்கு பங்குதான் காப்பீடு செய்யப்பட்டிருக்கிறது. அதனால் நஷ்டத்திலும் ஐந்தில் நான்கு பங்கு, நான்கு லட்சம், நிறுவனம் தரும். மீதி ஒரு லட்சம் ஆலையின் தலையில்.

இங்கே ஆலைக்கு முன்னால் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று பாலிசி. இன்னொன்று லாரி நிறுவனம். இரண்டாவது வாசல் பலர் நினைப்பதைவிட அகலமானது. சரக்குப் போக்குவரத்துத் தொழில் நடத்துபவரிடம் ஒப்படைத்த சரக்கு சேதமானால், அவருடைய அலட்சியத்தை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. சேதம் நடந்தது என்று காட்டினால் போதும். இயற்கைச் சீற்றம், போர், கலவரம் போன்ற சட்டம் ஒப்புக்கொள்கிற காரணம் ஒன்று இருந்தது என்று காட்டுவது அவர் பொறுப்பு. 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் இதையே வைத்திருக்கிறது. மழையில் கிழிந்த தார்ப்பாய் இயற்கைச் சீற்றக் கணக்கில் சேர்வது கடினம்.

ஆனால் புதிய சட்டம் அந்த வாசலுக்கு இரண்டு தாழ்ப்பாள்களும் போட்டிருக்கிறது. முதலாவது, நாள் கணக்கு. சரக்கு புக்கிங் ஆன தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேதம் தெரிந்த நாளிலிருந்தோ இன்சூரன்ஸ் பணம் வந்த நாளிலிருந்தோ எண்ணக்கூடாது. நோட்டீஸ் இல்லையென்றால் வழக்கே போட முடியாது. இரண்டாவது, தொகை வரம்பு. கூடுதல் வாடகை கொடுத்து அதிக அபாயப் பொறுப்பை லாரி நிறுவனத்தின் மேல் ஏற்றியிருந்தாலொழிய, அவர்கள் தர வேண்டியது வாடகையைப் போல் பத்து மடங்குக்கு மேல் போகாது. நம் கணக்கில் அது நான்கு லட்சம். 40,000 ரூபாய் வாடகை பேசி புக்கிங் ஆபீஸில் எல்.ஆர். வாங்கிய அன்றைக்கே, பின்னால் நிறுவனம் மீட்கக்கூடிய தொகைக்கும் ஒரு கூரை விழுந்துவிடுகிறது.

இனி இன்சூரன்ஸ் வழியாகப் போனால் என்ன நடக்கும்? பிவண்டியில் சரக்கை இறக்கும்போதே, எல்.ஆர். பிரதியில் எத்தனை மூட்டை நனைந்திருக்கிறது என்று எழுதி லாரி டிரைவரின் கையெழுத்து வாங்கப்படுகிறது. முடிந்தால் லாரி நிறுவனத்திடமிருந்து சேதச் சான்றிதழும் வாங்கப்படுகிறது. அன்றோ மறுநாளோ இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் போகிறது, சர்வேயர் வருகிறார். அவர் வந்துபோனதும் ஆலை தன் பெயரில் லாரி நிறுவனத்துக்குத் தொகை குறிப்பிட்ட நோட்டீஸ் அனுப்புகிறது, பதிவுத் தபால் ரசீதைக் கிளெயிம் கோப்பில் வைக்கிறது. நான்கு லட்சம் வருகிறது. அந்த நேரத்தில் முத்திரைத்தாளில் சப்ரோகேஷன் கடிதமும் சிறப்பு அதிகாரப் பத்திரமும் கையெழுத்தாகின்றன. அதன்பின் நிறுவனத்தின் வக்கீல் லாரி நிறுவனத்துக்கு எழுதுகிறார், பேசுகிறார், ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் போகிறார். இதற்கு மூன்று வருடக் காலவரம்பு இருக்கிறது. வழக்கு ஆலையின் பெயரில் போகலாம், அல்லது ஆலையும் நிறுவனமும் சேர்ந்து போகலாம். ஆலையின் வேலை, சாட்சிக்கும் ஆவணத்துக்கும் ஒத்துழைப்பதுதான்.

சரண் மில்ஸ் வழக்கில் லாரி நிறுவனம் கேட்டதும் இதைத்தான்: இன்சூரன்ஸ் நிறுவனம் எங்களிடம் சரக்கு அனுப்பவே இல்லையே, அது எப்படி எங்கள் நுகர்வோராகும்? வழக்கில் ஆலையும் மனுதாரராக இருந்ததால் அந்த வாதம் நிற்கவில்லை. பாலிசிதாரரின் பெயரிலோ அவருடன் சேர்ந்தோ வந்தால் வழக்கு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அதற்கு மாறாக 2000இல் வந்திருந்த ஒரு தீர்ப்பையும் விலக்கியது.

இப்போது இதே கதையை இன்னொரு விதமாக ஓட்டிப் பார்ப்போம். சரக்கு நனைந்த செய்தி கேட்ட அன்று சாயங்காலம் டிரான்ஸ்போர்ட்காரர் ஆலைக்கு வருகிறார். பத்து வருடப் பழக்கம். “அண்ணே, தப்பு எங்க மேலதான். கோர்ட்டு கேஸுன்னு அலைய வேண்டாம். எழுபத்தஞ்சாயிரம் இப்பவே கையில தர்றேன். இந்த லோடு வாடகையும் வேண்டாம். ஒரு லெட்டர் மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க, ஆபீஸ்ல காட்டணும்.” கணக்குப் பார்த்தால் 1,15,000 ரூபாய். நான்கு லட்சம் இன்சூரன்ஸில் வரும், இது அதற்கு மேல் கிடைக்கிற பணம், பாலிசி தராத ஒரு லட்சத்தையும் சரிக்கட்டிவிடும் என்று ஆலைக்காரர் நினைக்கிறார். ‘மேற்படி லோடு சம்பந்தமாக முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை, கணக்கு தீர்ந்தது’ என்று எழுதி, ஆலை முத்திரையும் வைத்துக் கொடுத்துவிடுகிறார். அவர் மோசடி செய்யவில்லை. சுமுகமாக முடித்ததாகத்தான் நம்புகிறார். அதனால்தான் இந்தத் தவறு இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது.

அந்த ஒற்றைத் தாள் செய்வது என்ன? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, ஒருவர் தனக்கு வரவேண்டியதை முழுதாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம், குறைந்த தொகையை முழுத் தீர்வாகவும் ஏற்கலாம். அப்படி ஏற்றுவிட்டால் கடன் முடிந்தது. லாரி நிறுவனத்திடமிருந்து நான்கு லட்சம் வரை வசூலாகியிருக்கக்கூடிய உரிமை, 1,15,000 ரூபாய்க்கு விலைபோய்விட்டது. சர்வேயர் கோப்பைப் பார்க்கும்போதோ, நிறுவனத்தின் வக்கீல் லாரி நிறுவனத்துக்கு எழுதும்போதோ, அந்தக் கடிதத்தின் நகல் வெளியே வரும். கட்டாயம் வரும். டிரான்ஸ்போர்ட்காரர் அதை வாங்கியதே இந்த நாளுக்காகத்தான்.

அப்புறம் நிறுவனம் பாலிசியைப் புரட்டுகிறது. சரக்குக் காப்பீட்டு விதிகளில், சரக்கை ஏற்றிச் சென்றவர் மீதும் மற்ற மூன்றாம் தரப்பினர் மீதும் உள்ள உரிமைகளைச் சரிவரக் காப்பாற்றி வைப்பது பாலிசிதாரரின் கடமை என்ற நிபந்தனை இருக்கிறது. அதை மீறியாகிவிட்டது. நிறுவனம் கிளெயிமை முழுவதும் மறுத்தால், ஐந்து லட்சம் நஷ்டத்துக்கு ஆலையிடம் மிஞ்சுவது அந்த 1,15,000 மட்டுமே. கொஞ்சம் இறங்கிவந்து, கால் பங்கைக் கழித்துத் தருகிறோம் என்று சொன்னாலும் நான்கு லட்சம் மூன்று லட்சமாகிறது. லாரிக்காரர் கொடுத்ததையும் அதில் கழித்துக்கொண்டால் இன்னும் 1,85,000 ரூபாய்தான் கைக்கு வரும். இரண்டையும் கூட்டினாலும் மூன்று லட்சத்தைத் தாண்டாது. கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் நான்கு லட்சம் தடையின்றி வந்திருக்கும்.

இப்படிக் கழிப்பதை நிறுவனத்தின் கருமித்தனம் என்று பலர் திட்டுகிறார்கள். நிறுவனங்கள் அற்பக் காரணம் சொல்லிக் கிளெயிமைத் தட்டுவதும் உண்டு, அதற்கு எதிராகப் போராட வேண்டியதும் உண்மை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிறுவனத்தின் பக்கம் நியாயம் தெரிகிறது. அது நான்கு லட்சம் கொடுக்கும்போது, அதில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கக்கூடிய ஓர் உரிமையும் கூடவே வரும் என்ற கணக்கில்தான் கொடுக்கிறது. ஆண்டு முழுக்கச் சரக்கு அனுப்புகிற ஆலைகளின் பாலிசியைப் புதுப்பிக்கும்போது, போன ஆண்டு எவ்வளவு கிளெயிம் கொடுத்தோம், எவ்வளவு மீட்டோம் என்று பார்த்துத்தான் பிரீமியம் பேசப்படுகிறது. மீட்க முடியாமல் போனது அடுத்த ஆண்டு அதே ஆலையின் பிரீமியத்தில் வந்து நிற்கும். கிழிந்த தார்ப்பாயோடு லாரி ஓட்டியவருக்கோ, 1,15,000 ரூபாயோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இன்சூரன்ஸ் பணம் வந்தபின் தனியாகப் பேசி முடித்தால் இன்னும் சிக்கல். அப்போது உரிமை ஏற்கெனவே கை மாறிவிட்டது. லாரிக்காரரிடம் வாங்கும் பணத்தை, கொடுத்த தொகை அளவுக்கு, நிறுவனத்துக்காக வாங்கி வைத்திருப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். விட்டுக்கொடுத்த உரிமைக்காக நிறுவனம் பாலிசிதாரர் மீதே வழக்குப் போடலாம். 1897ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற, ஐசக்ஸ் என்பவருக்கு எதிரான இங்கிலாந்து வழக்கு ஒன்றில் இதுதான் நடந்தது. தீ விபத்துக்குக் காப்பீட்டுப் பணம் வாங்கிய ஒருவர், பொறுப்பான எதிர்த்தரப்பின் மீதிருந்த தன் உரிமையைக் கைவிட்டார். அந்த இழப்பை நிறுவனத்துக்கு அவரே ஈடுகட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கோட்பாடு அசையவில்லை.

விட்டுக்கொடுப்பது சேதம் நடந்த பிறகுதான் நடக்கும் என்றும் இல்லை. சில டிரான்ஸ்போர்ட் நிறுவனங்கள் ஆண்டு ஒப்பந்தத்திலேயே, ‘சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, உங்கள் இன்சூரன்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் நிறுவனம் எங்கள் மீது வரக்கூடாது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகின்றன. வாடகையில் கொஞ்சம் குறைகிறதே என்று ஆலைகளும் ஒப்புக்கொள்கின்றன. பாலிசி எடுக்கும்போது இதை நிறுவனத்திடம் சொல்லியிருந்தால், அதற்கேற்ப பிரீமியம் வாங்கிக்கொண்டு அது ஒப்புக்கொள்ளக்கூடும். சொல்லாமல் விட்டால், முதல் கிளெயிமிலேயே பிரச்சினை வெளிவரும்.

கார், பைக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை வேறு அளவில் உண்டு. பின்னாலிருந்து இடித்தவர் நடுரோட்டில் பத்தாயிரம் கொடுக்கிறார், அல்லது காவல் நிலையத்தில் சமரசம் என்று ஒரு தாள் எழுதப்படுகிறது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பார்த்தால் சேசிஸ் வளைந்திருக்கிறது, செலவு எண்பதாயிரம் என்கிறார்கள். எழுதிக் கொடுத்த தாளால் இடித்தவரிடம் மறுபடி போக முடியாது. சொந்த பாலிசியில் கிளெயிம் போட்டால், அந்தப் பத்தாயிரத்தையும் அந்தத் தாளையும் பற்றி நிறுவனம் கேட்கும். தப்பு நம்முடையதாக இருந்தாலும் அவசரம் கூடாது. நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று மோட்டார் பாலிசியில் நிபந்தனை இருக்கிறது. கார் சேதத்துக்கான சிறு தொகைகளுக்காக நிறுவனங்கள் எதிர்த்தரப்பைத் துரத்துவது நம் ஊரில் அரிது. ஆனாலும் அந்தத் தாள் கிளெயிமைக் கெடுக்க அது ஒரு தடையல்ல.

திரும்ப சப்ரோகேஷன் கடிதத்துக்கே வருகிறேன். நிறுவனம் நீட்டுகிற இடத்திலெல்லாம் பாலிசிதாரர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். இதிலும் பணம் இருக்கிறது. சரண் மில்ஸ் தீர்ப்பில் நீதிமன்றம் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டியது. நம் கணக்கை அதில் பொருத்திப் பார்க்கலாம். நஷ்டம் ஐந்து லட்சம், நிறுவனம் கொடுத்தது நான்கு லட்சம், லாரி நிறுவனத்திடமிருந்து மீட்டது நான்கு லட்சம். கடிதமே எழுதாமல் பொதுவான நீதிக் கோட்பாட்டை மட்டும் நம்பினால், ஆலை முதலில் தன் ஈடாகாத ஒரு லட்சத்தை எடுத்துக்கொள்ளும், மீதி மூன்று லட்சம் நிறுவனத்துக்கு. சப்ரோகேஷன் கடிதம் எழுதிக் கொடுத்து, கொடுத்த தொகையை நிறுவனம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று அதில் இருந்தால், நான்கு லட்சமும் நிறுவனத்துக்குப் போகும். அதிக வாடகை கொடுத்திருந்து ஐந்து லட்சமும் மீட்கப்பட்டால், மிஞ்சும் ஒரு லட்சம் ஆலைக்கு வரும். மூன்றாவது நிலை, கடிதத்தில் உரிமையையே முழுவதுமாக நிறுவனத்துக்கு மாற்றி எழுதிக் கொடுப்பது. அப்போது ஐந்து லட்சம் மீட்டாலும் ஐந்தும் நிறுவனத்துக்குத்தான், ஆலை கேட்க வழியில்லை. நிறுவனம் தன் பெயரிலேயே தனியாக வழக்குப் போடலாம் என்பது அதற்குக் கிடைக்கும் வசதி. ஆகவே ‘மாற்றிக் கொடுக்கிறேன்’ என்ற வாசகம் கடிதத்தில் இருந்தால், பாலிசி ஈடுகட்டாத ஒரு தொகை தன் பக்கம் நிற்கிறதா என்று பாலிசிதாரர் பார்க்க வேண்டும். இருந்தால், ‘கொடுத்த தொகையின் அளவுக்கு மட்டும்’ என்று சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

டிரான்ஸ்போர்ட்காரர் உண்மையிலேயே பணம் தர வந்தால் என்ன செய்வது? விரட்ட வேண்டியதில்லை. முதலில் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பல சமயம் அவர்களே பேரம் பேசி, வழக்குச் செலவு மிச்சம் என்று குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்வார்கள். அப்படி ஒப்புக்கொள்வது அவர்கள் கையில் உள்ள உரிமை என்பதால் அது உங்கள் கிளெயிமைத் தொடாது. அவர்கள் சம்மதத்தோடு உங்கள் கைக்கே பணம் வந்தால், ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியாக வாங்கி, ரசீதில் இப்படி எழுதுங்கள்: ‘இது பகுதித் தொகையாக மட்டும் பெறப்பட்டது. மீதிக்கான எங்கள் உரிமையோ இன்சூரன்ஸ் நிறுவனத்தின் உரிமையோ விட்டுக்கொடுக்கப்படவில்லை.’ அதன் நகலை அன்றே நிறுவனத்துக்கு அனுப்புங்கள். லாரி வாடகையை நிறுத்தி வைத்தால் அதையும் அதே கடிதத்தில் சொல்லுங்கள். கணக்குப் பிள்ளை வாடகை பில்லில் ‘சேதத்துக்கு நேர் செய்யப்பட்டது’ என்று சிவப்பு மையில் எழுதி மூடிவிடுகிற வழக்கம் பல ஆபீஸ்களில் இருக்கிறது. லாரி நிறுவனத்தின் வக்கீல் கையில் அந்தப் பில் கிடைத்தால், அதையே முழுத் தீர்வுக்கான சாட்சியாகக் காட்டி வாதாடுவார்.